அரிய சொல் எப்போது மதிப்பெண்ணைக் குறைக்கும்? ஐஇஎல்டிஎஸ் கட்டுரையில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வுக்குத் தயாராகிறவர்களிடம் பெரும்பாலும் ஒரு சொற்பட்டியல் இருக்கும். இடப்பக்கம் சாதாரணச் சொல், வலப்பக்கம் அதற்குப் பதிலாக எழுத வேண்டிய ‘பெரிய’ சொல். ‘மெனி’ வரும் இடத்தில் ‘பிளெத்தோரா’, ‘பீப்பிள்’ வரும் இடத்தில் ‘டெனிசன்ஸ்’. இப்படி மாற்றி எழுதினால் சொல்வளத்துக்கு ஏழோ எட்டோ கிடைக்கும் என்று நம்பிப் பல மாதங்கள் மனப்பாடம் செய்கிறார்கள். நன்றாகச் சிந்திக்கத் தெரிந்த பிள்ளைகள் இந்தப் பட்டியலால் மதிப்பெண் இழப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஏன் இழக்கிறார்கள் என்பதற்கான விடை, தேர்வு நடத்துகிறவர்களே எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு விளக்கத்தில் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

விளக்கம் என்ன சொல்கிறது

எழுத்துத் தேர்வு ஒரு மணி நேரம். டாஸ்க் 1-இல் குறைந்தது 150 சொற்கள், டாஸ்க் 2-இல் குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். டாஸ்க் 2-க்கு இரட்டிப்பு மதிப்பு. ஒவ்வொரு விடையையும் நான்கு அளவுகோல்களால் மதிப்பிடுகிறார்கள்: கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறீர்களா, கருத்துகள் கோவையாக வருகின்றனவா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி. நான்குக்கும் சம எடை. மூன்றாவதான சொல்வளத்தை ‘லெக்சிகல் ரிசோர்ஸ்’ என்கிறார்கள். இந்த ஒன்றில் ஒரு பேண்ட் இறங்கினால் அந்த விடையின் சராசரி கால் பேண்ட் இறங்கும். கேட்பதற்குச் சிறியதுதான். ஆனால் பிரிட்டனில் பதிவு செய்ய விரும்பும் செவிலியரிடம் அங்குள்ள செவிலியர் கவுன்சில் எழுத்தில் 6.5 கேட்கிறது. 6.5-க்கும் 6-க்கும் நடுவே நிற்பவருக்கு அந்தக் கால் பேண்ட் இன்னொரு தேர்வுக் கட்டணமாகவும் சில மாதக் காத்திருப்பாகவும் ஆகிவிடும்.

2023-இல் திருத்தி வெளியிட்ட விளக்கத்தில் சொல்வளத்தைப் பற்றிய வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்துப் பாருங்கள். பேண்ட் 5-இல் எளிய சொற்கள் சரியாகவே வரலாம், ஆனால் ஒரே கருத்தை வேறு விதமாகச் சொல்ல வழியில்லாத அளவுக்குச் சொற்கள் குறைவு. பேண்ட் 6-இல் சொல்வளம் பொதுவாகப் போதுமானது, பொருள் பொதுவாகத் தெளிவு. அதே பேண்ட் 6-இல்தான் நம் பட்டியல்காரர்களுக்கென்றே எழுதியது போன்ற ஒரு வரி வருகிறது: எழுதுகிறவர் துணிந்து சொற்களைக் கையாள்பவராக இருந்தால் சொற்பரப்பு அகலமாக இருக்கும், ஆனால் தவறும் பொருந்தாமையும் கூடுதலாக இருக்கும். இந்த வரியை நிதானமாகப் படிக்க வேண்டும். பெரிய சொற்களை ஏராளமாகப் போட்டு, அவற்றில் பல தவறாக விழுந்தால், அந்தக் கட்டுரைக்கு விளக்கம் ஒதுக்கி வைத்திருக்கும் இடம் 6. அதாவது குறைவான சொற்களைக் கொண்டு கவனமாக எழுதியவரும், பட்டியலைக் கொட்டி எழுதியவரும் ஒரே பேண்டில் பக்கத்துப் பக்கத்தில் அமர்கிறார்கள்.

பேண்ட் 7-இல் ‘அவ்வளவாகப் பொதுவழக்கில் இல்லாத’ சொற்களைப் பயன்படுத்தும் திறன் ஓரளவு தெரிய வேண்டும் என்கிறார்கள். உடனே அடுத்து, நடையைப் பற்றியும் சொற்சேர்க்கையைப் பற்றியும் உணர்வு தெரிய வேண்டும் என்கிறார்கள். பேண்ட் 8-இல் துல்லியமான பொருளைச் சொல்லத் தடையின்றிச் சொற்கள் வர வேண்டும். அரிய சொற்கள் ‘பொருத்தமான இடத்தில்’ திறமையாக வர வேண்டும். அங்கேயும்கூட எப்போதாவது ஒரு பிழைக்கு இடம் தருகிறார்கள். ஆக, மேலே ஏற ஏறச் சொல் எவ்வளவு அரியது என்பதைவிட, அது பக்கத்துச் சொல்லோடு எப்படிச் சேர்கிறது, சொல்ல வந்ததை எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது என்பதே கணக்கில் வருகிறது.

ஒரு பத்தியைப் பிரித்துப் பார்ப்போம்

கேள்வி இது என்று வைத்துக்கொள்ளுங்கள்: நகரங்களில் நெரிசலைக் குறைக்க அரசு பேருந்துப் பயணத்தை இலவசமாக்க வேண்டும் என்ற கருத்தை ஏற்கிறீர்களா? பட்டியலை மனப்பாடம் செய்த ஒருவர் இப்படி எழுதுவார்:

‘இன் திஸ் கான்டெம்பரரி எபோக், எ பிளெத்தோரா ஆஃப் டெனிசன்ஸ் யூட்டிலைஸ் பிரைவேட் வெஹிகிள்ஸ், விச் எக்ஸாசர்பேட்ஸ் த ரோட்ஸ். த கவர்ன்மென்ட் ஷுட் அபாலிஷ் திஸ் குவாண்டரி பை பெஸ்டோயிங் கிராட்டிஸ் கன்வேயன்ஸ் டு த பாப்புலஸ்.’

இலக்கணம் ஏறக்குறையச் சரி. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை என்றே கொள்வோம். ஆனால் மதிப்பீட்டாளர் கண்ணில் படுவது வேறு.

‘எபோக்’ என்பது வரலாற்றிலோ நிலவியலிலோ ஒரு பெரும் காலகட்டம். இன்றைய நாட்களைக் குறிக்க ‘நவ்’ என்ற மூன்றெழுத்துச் சொல் போதும். ‘பிளெத்தோரா’வில் தேவைக்கு மேல் குவிந்துவிட்டது என்ற சாயல் உண்டு. நிறையப் பேர் என்று சொல்லத்தான் இவர் நினைத்தார், மனிதர்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டார்கள் என்றல்ல. ‘டெனிசன்ஸ்’ பெரும்பாலும் ஓரிடத்தில் வாழும் விலங்குகளுக்கும், மனிதர்களுக்கு வந்தால் இலக்கிய நடையிலோ விளையாட்டாகவோ வரும் சொல். ‘எக்ஸாசர்பேட்’ ஏற்கெனவே கெட்டிருப்பதை இன்னும் மோசமாக்குவது. அதன் பின்னால் சிக்கல், வறுமை, நோய், பதற்றம் என ஏதாவது ஒரு கேடு வந்தாக வேண்டும். சாலை ஒரு கேடு அல்ல, அதனால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கிறது.

இரண்டாவது வாக்கியம் இன்னும் மோசமானது. ‘அபாலிஷ்’ செய்யக் கூடியவை சட்டம், வரி, தண்டனை, அடிமைமுறை போன்றவை, அதாவது மனிதர் ஏற்படுத்தி அதிகாரத்தால் நீக்கக் கூடியவை. ‘குவாண்டரி’ என்றால் எதைத் தேர்வது என்று தெரியாத தடுமாற்றம், அது சிக்கல் என்பதற்கு மாற்றுச்சொல் ஆகாது. தடுமாற்றத்தை அரசாணையால் ஒழிக்க முடியாது. ‘பெஸ்டோ’ பட்டத்துக்கும் விருதுக்கும் உரிய வினை. ‘கன்வேயன்ஸ்’ நம் அலுவலகங்களில் பயணப்படிக்கு வழங்குவதால் நமக்குப் பழக்கம். வெளிநாட்டு வாசகருக்கோ அது பெரும்பாலும் சொத்தைப் பெயர் மாற்றும் சட்ட வேலையை நினைவூட்டும், அல்லது பழங்கால வண்டியை. ‘இலவசச் சொத்து மாற்றத்தை மக்களுக்கு வழங்க வேண்டும்’ என்று ஒருவர் ஒரு நொடி படித்துத் திகைத்தால் தவறு அவருடையது அல்ல.

இனி அதே கருத்து, வேறு சொற்களில்:

‘மோர் பீப்பிள் நவ் டிரைவ் டு வொர்க், அண்ட் சிட்டி ரோட்ஸ் ஆர் பேட்லி கன்ஜெஸ்டட் அட் பீக் அவர்ஸ். ஸ்கிராப்பிங் பஸ் ஃபேர்ஸ் வுட் கிவ் லோ-பெய்ட் கம்யூட்டர்ஸ் எ ரீசன் டு லீவ் தேர் மோட்டர்பைக்ஸ் அட் ஹோம்.’

இதில் அகராதியைத் தேடி ஓட வேண்டிய சொல் ஒன்றும் இல்லை. ஆனாலும் விளக்கம் கேட்கும் ‘அவ்வளவாகப் பொதுவழக்கில் இல்லாத’ சொற்கள் இங்கேதான் இருக்கின்றன. ‘பேட்லி கன்ஜெஸ்டட்’ என்பது இயல்பான சேர்க்கை. ‘பீக் அவர்ஸ்’ போக்குவரத்துக்கே உரிய சொல். கட்டணத்தை ‘ஸ்கிராப்’ செய்வது நாளிதழ்கள் எழுதுவது போன்ற கச்சிதமான வினை. ‘லோ-பெய்ட் கம்யூட்டர்ஸ்’ யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் துல்லியமாகக் காட்டுகிறது. ‘பாப்புலஸ்’ என்ற ஒற்றைப் பெருஞ்சொல் மறைத்துவிட்ட தகவல் அது. இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் பத்தியில் எழுதியவரின் வாதம் என்ன என்பதே பிடிபடவில்லை. இலவசப் பேருந்து யாருக்கு, ஏன் பயன்படும் என்று அவர் சொல்லவே இல்லை. அரிய சொல்லைத் தேடிய நேரத்தில் காரணத்தைத் தேடாமல் விட்டார். அதனால் முதல் அளவுகோலிலும் அவருக்கு அடி விழும்.

செய்யக்கூடாதவை

*ஒரே பெயர்ச்சொல் திரும்ப வருகிறதே என்று பயந்து மாற்றுச்சொல் தேடாதீர்கள்.* பட்டியல்கள் உண்டாக்கும் சேதத்தில் இதுதான் பெரியது. குழந்தைகளின் கல்வி பற்றி ஒரு கட்டுரை. ‘சில்ட்ரன்’ இரண்டு முறை வந்துவிட்டது. மூன்றாம் முறை ‘ஜுவனைல்ஸ்’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லோடு நீதிமன்றமும் சீர்திருத்தப் பள்ளியும் சேர்ந்து வருகின்றன. நான்காம் முறை ‘ஆஃப்ஸ்பிரிங்’. அது உயிரியல் பாடத்தின் வாடை அடிக்கும் சொல். ஐந்தாம் முறை ‘இன்ஃபன்ட்ஸ்’. இப்போது பள்ளிக்கூடத்தில் கைக்குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘கவர்ன்மென்ட்’ என்பதற்குப் பதில் ‘ரெஜீம்’ எழுதுவோரும் உண்டு. பலருக்கும் அது கொடுங்கோல் ஆட்சியை வசைபாடும் சொல்லாகப் படும்.

இதில் இன்னொரு நஷ்டமும் ஒளிந்திருக்கிறது. பெயர் மாறிக்கொண்டே போனால் படிப்பவர் ஒரே ஆட்களைப் பற்றித்தான் பேசுகிறோமா, வேறு வேறு கூட்டமா என்று குழம்புகிறார். எது எதைச் சுட்டுகிறது என்ற தெளிவு கோவை என்ற இரண்டாம் அளவுகோலைச் சேர்ந்தது. ஒரே தவறால் இரண்டு இடத்தில் மதிப்பெண் போகலாம். கட்டுரையின் மையப் பொருள் திரும்ப வருவது இயற்கை. ‘தே’, ‘தெம்’ என்ற சுட்டுப்பெயர்களைப் பயன்படுத்துங்கள். அல்லது ‘பியூப்பில்ஸ்’, ‘டீனேஜர்ஸ்’ என்று உண்மையிலேயே பொருள் குறுகும் இடத்தில் மட்டும் மாற்றுங்கள். விளக்கம் குறை சொல்வது, வேறு விதமாகச் சொல்லத் தெரியாமல் அடிக்கடி திரும்பச் சொல்வதை. தலைப்புச் சொல் திரும்ப வருவதை அல்ல.

*எந்தக் கேள்விக்கும் பொருந்தும் தொடர்களை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.* ‘ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு பக்கம்’, ‘இருமுனைக் கத்தி’, ‘இன்றைய நவீன உலகில் காரசாரமாக விவாதிக்கப்படும் தலைப்பு’ என்பவற்றின் ஆங்கில வடிவங்கள் உங்கள் பயிற்சி நோட்டில் நிச்சயம் இருக்கும். மனப்பாடத் தொடர்களையும் கேள்வித்தாளிலிருந்து அப்படியே எடுத்த சொற்களையும் பொருந்தாமல் பயன்படுத்துவதை விளக்கம் பேண்ட் 4-இல் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒரு தொடர் வந்ததும் நான்குக்கு இறங்கிவிடுவீர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் 250 சொற்களில் நாற்பது சொற்களை இப்படி நிரப்பினால், உங்கள் சொந்தச் சொல்வளத்தைக் காட்ட அவ்வளவு இடம் குறைந்துபோகிறது.

*டாஸ்க் 1-இல் வரைபடம் சொல்லாததை வினைச்சொல்லால் சொல்லாதீர்கள்.* அகடமிக் தேர்வில் அட்டவணை அல்லது வரைபடத்தை விவரிக்க வேண்டும். அங்கே ‘பிளம்மெட்’, ‘ஸ்கைராக்கெட்’, ‘சோர்’ ஆகிய மூன்றும் எல்லோருக்கும் பிடித்தவை. 42 விழுக்காடு 40 ஆகக் குறைந்ததை ‘பிளம்மெட்டட்’ என்று எழுதினால் அது சொற்பிழை மட்டும் அல்ல, தரவைத் தவறாகச் சொன்னதும் ஆகும். அங்கே ‘ஃபெல் ஸ்லைட்லி’ போதும், அதுவே துல்லியம். 42 என்பது 11 ஆக இறங்கியிருந்தால் ‘பிளம்மெட்’ எழுதலாம். அளவைப் பாருங்கள், பிறகு வினையைத் தேர்ந்தெடுங்கள்.

*பழமொழியை ‘இடியமேட்டிக்’ என்று எண்ணாதீர்கள்.* ஏழிலும் எட்டிலும் இடியமேட்டிக் சொற்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதால், விலை அதிகம் என்று சொல்லக் கையையும் காலையும் விலையாகக் கொடுத்ததாக எழுதுகிறார்கள். அது பேச்சு வழக்கு. கருத்துக் கட்டுரையின் நடைக்கு ஒட்டாது. ஆங்கிலம் பேசுவோர் இயல்பாகச் சேர்த்துச் சொல்லும் தொடர்களையும் அந்தச் சொல்லுக்குள் அடக்கலாம். வருமானத்துக்குள் குடும்பம் நடத்தத் திணறுவதை ‘ஸ்ட்ரகிள் டு மேக் எண்ட்ஸ் மீட்’ என்று எழுதினால், ஏழைக் குடும்பங்களைப் பற்றிய பத்தியில் அது பொருந்தி உட்காரும்.

*இங்கே மட்டும் புழங்கும் ஆங்கிலத்தை உலக ஆங்கிலம் என்று நம்பிவிடாதீர்கள்.* கல்லூரிப் படிப்பை முடித்ததை நாம் ‘பாஸ்ட் அவுட்’ என்போம். வேறு நாட்டு வாசகருக்கு அது பெரும்பாலும் மயங்கி விழுந்ததாகத்தான் கேட்கும். ‘லேக்’, ‘க்ரோர்’ என்று எண்ணிக்கை எழுதினால் அவருக்குக் கணக்குப் புரியாது. ‘ஹண்ட்ரட் தௌசண்ட்’, ‘மில்லியன்’ எழுதுங்கள்.

செய்ய வேண்டியவை

*தலைப்புவாரியாகச் சொற்களைச் சேருங்கள், தனித்தனியாக அல்ல, கூட்டாளியோடு.* ‘அவ்வளவாகப் பொதுவழக்கில் இல்லாத’ என்பதைப் பலர் ‘யாருக்கும் தெரியாத’ என்று படிக்கிறார்கள். இவற்றைத்தான் எழுத வேண்டும் என்று எந்தப் பட்டியலையும் தேர்வு நடத்துகிறவர்கள் வெளியிட்டது கிடையாது. அந்தந்தத் துறைக்காரர் சாதாரணமாகப் பேசும் சொல்லே பெரும்பாலும் அந்த வகையில் சேரும். சிறைத்தண்டனை பற்றிக் கேள்வி வந்தால் ‘ரீஆஃபெண்ட்’, ‘சர்வ் எ சென்டென்ஸ்’, ‘பெட்டி க்ரைம்’, ‘டிடரன்ட்’. வேலை பற்றி வந்தால் ‘ஜாப் செக்யூரிட்டி’, ‘ஹெவி வொர்க்லோட்’, ‘ஹை ஸ்டாஃப் டர்ன்ஓவர்’. மருத்துவம் பற்றி வந்தால் ‘வெயிட்டிங் டைம்ஸ்’, ‘ப்ரிவென்டிவ் கேர்’, ‘க்ரானிக் இல்னஸ்’. செவிலியருக்கு மூன்றாவது வரிசை ஏற்கெனவே தெரியும். தெரிந்ததைக் கட்டுரையில் எழுதலாம் என்று யாரும் சொல்லாததால் அதை ஒதுக்கிவிட்டு டெனிசன்ஸைத் தேடிப் போகிறார்கள்.

சேர்க்கும்போது நோட்டில் ‘டிடரன்ட்’ என்று மட்டும் எழுதி நேரே தமிழ்ப் பொருளை எழுதாதீர்கள். ‘ஆக்ட் ஆஸ் எ டிடரன்ட்’ என்று முழுத்தொடராக எழுதுங்கள். எந்த வினை முன்னால் வருகிறது, எந்த ஒட்டுச்சொல் பின்னால் வருகிறது என்பது சேர்ந்தே மனத்தில் பதிய வேண்டும். தமிழில் நாம் மழை பெய்தது என்கிறோம், விழுந்தது என்பதில்லை. அதை யாரும் நமக்கு விதியாகச் சொல்லித்தரவில்லை, இரண்டு சொல்லும் சேர்ந்தே காதில் விழுந்தன. ஆங்கிலச் சொற்சேர்க்கையையும் அப்படித்தான் பழக்கிக்கொள்ள வேண்டும்.

*புதுச் சொல்லை எழுதும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.* ஒன்று, இது எந்தச் சொற்களோடு சேரும்? ‘மிட்டிகேட்’ என்றால் பாதிப்பு, ஆபத்து, தாக்கம் என்பவற்றோடு. மாணவர்களை மிட்டிகேட் செய்ய முடியாது. இரண்டு, இது நல்லதைச் சொல்கிறதா, கெட்டதையா? ‘நட்டோரியஸ்’ என்பது கெட்ட பெயரால் புகழ் பெற்றவருக்கு. ஒரு விஞ்ஞானியை அப்படிப் புகழ்ந்தால் அவர் மீது பழி சுமத்துகிறீர்கள். மூன்று, இது எங்கே புழங்கும் சொல்: சட்டத்திலா, கவிதையிலா, அரட்டையிலா, கட்டுரையிலா? மூன்றுக்கும் விடை தெரிந்தால் தயங்காமல் எழுதுங்கள். ஒன்றுக்குத் தெரியாவிட்டாலும் வீட்டில் பயிற்சியில் எழுதிப் பாருங்கள், தேர்வறையில் வேண்டாம்.

விடை எங்கே கிடைக்கும்? ஆங்கிலம்–தமிழ் அகராதி பொருளைச் சொல்லும், சேர்க்கையைப் பெரும்பாலும் சொல்லாது. மாற்றுச்சொல் அகராதி இன்னும் ஆபத்து. ‘ப்ராப்ளம்’ என்பதற்குக் கீழே ‘குவாண்டரி’யையும் ‘டிலெம்மா’வையும் ஒரே வரிசையில் அடுக்கிவிடும், வேறுபாட்டைச் சொல்லாது. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தொகுத்த ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொருளைப் படித்ததும் மூடிவிடாமல் கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். ‘ஃபார்மல்’, ‘லிட்ரரி’, ‘டிஸ்அப்ரூவிங்’ போன்ற குறிப்புகள் சொல்லின் பக்கத்தில் இருந்தால் அவைதான் உங்கள் இரண்டாம், மூன்றாம் கேள்விக்கு விடை. ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டுள்ள சொற்சேர்க்கை அகராதி தனியாக ஒன்று உண்டு. ஒரு பெயர்ச்சொல்லைத் தேடினால் அதற்கு முன்னும் பின்னும் வரக்கூடிய சொற்களை வரிசையாகத் தரும். தீவிரமாகத் தயாராகிறவர்கள் அதை வாங்குவது வீண் செலவு ஆகாது.

*உங்கள் பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, சந்தேகமான சொற்களின் பக்கத்தில் சொல்ல வந்ததைத் தமிழில் எழுதுங்கள்.* இந்தப் பயிற்சிக்கு ஆசிரியர்கூடத் தேவையில்லை. ‘அபாலிஷ் திஸ் குவாண்டரி’ என்ற இடத்தில் ‘நெரிசலைக் குறைக்க’ என்று எழுதுவீர்கள். எழுதியதும் உங்களுக்கே தெரியும்: தேவைப்பட்டது ஒழிப்பது அல்ல, குறைப்பது. சிக்கல் என்ற பொதுச்சொல் அல்ல, நெரிசல் என்ற குறிப்பான சொல். ‘ஈஸ் கன்ஜெஸ்ஷன்’ என்று ஆங்கிலத்தில் அது தானாகவே வந்து விழும். பக்கத்தில் தமிழில் எழுதவே வரவில்லை என்றால், அந்த இடத்தில் சொல்ல உங்களிடம் எதுவும் இல்லை, சொல் மட்டும்தான் இருந்தது என்று பொருள். அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

*துணியவும் வேண்டும்.* இதுவரை சொன்னதைப் படித்துவிட்டுக் கட்டுரை முழுவதையும் ‘குட்’, ‘பேட்’, ‘பிக்’, ‘திங்ஸ்’ என்றே எழுதினால் அதுவும் இழப்புத்தான். எளிய சொல் சரியாக இருந்தும் பரப்பு போதாத நிலைக்கு விளக்கம் தந்திருக்கும் இடம் 5. எட்டு வாங்குகிறவருக்கே எப்போதாவது ஒரு சேர்க்கைப் பிழை மன்னிக்கப்படுகிறது, ஆகவே ஒரு சொல் தவறியதற்காக நடுங்க வேண்டியதில்லை. துணிவை எங்கே செலவிடுவது என்பதுதான் கேள்வி. வாதத்தின் முக்கியமான இடத்தில், துல்லியமான சொல் இல்லாவிட்டால் கருத்தே மங்கிப்போகும் இடத்தில் துணியுங்கள். ‘நிறைய’, ‘மக்கள்’, ‘பயன்படுத்து’ போன்ற சாதாரணச் சொற்களை எளிமையாகவே விடுங்கள். ‘யூஸ்’ என்பதை ‘யூட்டிலைஸ்’ ஆக்கியதற்கு யாரும் மதிப்பெண் தருவதில்லை.

*சொல்லின் வடிவத்தைக் கடைசி ஐந்து நிமிடத்தில் சரிபாருங்கள்.* சொல்வள அளவுகோலில் எழுத்துப்பிழையும் சொல் வடிவமும் சேர்ந்தே எண்ணப்படுகின்றன. சரியான சொல்லைத் தேர்ந்துவிட்டு அதன் தவறான வடிவத்தை எழுதினால் பாதி உழைப்பு வீண். நாட்டின் வளர்ச்சி ‘எகனாமிக்’, பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் கார் ‘எகனாமிக்கல்’. ‘அட்வைஸ்’ பெயர்ச்சொல்லாக வந்தால் ‘சி’ எழுத்து, வினையாக வந்தால் ‘எஸ்’. ‘கவர்ன்மென்ட்’, ‘என்விரான்மென்ட்’ இரண்டிலும் ‘எம்’ எழுத்துக்கு முன் வரும் ‘என்’ அடிக்கடி விழுந்துபோகும். பிரிட்டிஷ் எழுத்துமுறை, அமெரிக்க எழுத்துமுறை இரண்டும் ஏற்புடையவை, ஆனால் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள். கணினியில் எழுதினால் திரையில் சொல் எண்ணிக்கை தெரியும், எழுத்துப்பிழையைக் கோடிட்டுக் காட்டும் வசதி இருக்காது. கைப்பேசி திருத்தித் தருவதற்குப் பழகியவர்கள் அந்த வசதியை அணைத்துவிட்டுப் பயிற்சி செய்யத் தொடங்குங்கள். எந்தச் சொற்களை வழக்கமாகப் பிழையாக எழுதுகிறீர்கள் என்பது சில கட்டுரைகளிலேயே தெரிந்துவிடும். அந்தச் சிறு பட்டியலைத் தேர்வுக்கு முந்தின நாள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.